பதினாறு வாரம், மூன்று நிமிடம்

கே: குண்டூர் நாட்டில் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் பி.எட். பயிற்சி முடிக்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் விடைபெறும் கூட்டம். நன்றியுரை என் தலையில் விழுந்திருக்கிறது. ஆறு பக்கம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திருத்தித் தருவீர்களா?
– பயிற்சி ஆசிரியை, குண்டூர் நாடு

ப: படித்தேன், அம்மணி. கடிகாரத்தை எதிரில் வைத்து வாய்விட்டும் படித்தேன். ஒன்பது நிமிடம் தாண்டியது. மேடையில் நிதானமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல் பேசுவார். உங்களுடையது தொள்ளாயிரத்துக்கும் மேல். உங்களுக்கு முன்னால் தலைமையாசிரியர் பேசுவார், வழிகாட்டி ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் இரண்டு பேர் பேசுவார்கள். உங்கள் முறை வரும்போது வீட்டுக்கு நடக்க வேண்டிய பிள்ளைகள் பையை மாட்டியிருப்பார்கள். விடுதிப் பிள்ளைகளின் மூக்கு சமையலறைப் பக்கம் திரும்பியிருக்கும். உங்களுக்கு மூன்று நிமிடம், முந்நூறு சொல். அதாவது இரண்டு பக்கம்.

எதை வெட்டுவது? முதல் பக்கம் முழுவதும் நீங்கள் பிறந்த ஊர், படித்த கல்லூரி. பதினாறு வாரமாக உங்களைப் பார்த்தவர்களுக்கு இப்போது அறிமுகம் எதற்கு? இரண்டாம் பக்கம் கொல்லிமலையின் அழகு. எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் அங்கேயே குடியிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் தலைமையாசிரியரை வல்வில் ஓரியோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன்; உங்கள் கடிதப்படி தலைமையாசிரியர் கொடுத்தது இரண்டு நாள் அனுமதி விடுப்பு. ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடியில் அரசு விழா எடுக்கிறது, அவனை விட்டுவிடலாம். நான்காம் பக்கம் ஆசிரியப் பணியின் மகத்துவம். அதை அந்தப் பள்ளிச் சுவரில் ஏற்கெனவே பெயிண்டில் எழுதியிருப்பார்கள்.

ஐந்தாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்கின்றன. ஒன்று, இலைச் சோதனை பலிக்காத அன்று வழிகாட்டி ஆசிரியர் செய்தது. இன்னொன்று, பேருந்து தாமதமான நாளில் சமையலர் உங்களுக்காக மூடி வைத்த தட்டு. உங்கள் உரை அந்த இரண்டு வரிதான். மீதி ஐந்தே முக்கால் பக்கமும் அவற்றுக்குப் போட்ட பந்தல்.

கே: நன்றி சொல்லும் வரி நல்ல வரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பி.எட். மாணவர், திருச்செங்கோடு

ப: பள்ளியின் பெயரை மட்டும் மாற்றி அதே வரியைத் திருச்செங்கோட்டிலும் தென்காசியிலும் படிக்க முடிந்தால் அடித்துவிடுங்கள். "எங்களுக்கு எல்லா வகையிலும் ஒத்துழைப்பு நல்கிய" என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆகவே எந்த ஊரையும் சேராது. யார், என்ன செய்தார், எந்தச் சமயத்தில், அதனால் உங்கள் வகுப்பில் என்ன மாறியது, இந்த நான்கும் இருந்தால் அந்த வரி அந்த ஒரு பள்ளிக்கு மட்டும்தான் பொருந்தும். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உதவினார் என்பதோடு நிறுத்தினால் உதவியவருக்குத் தன் உதவி என்ன ஆனது என்று தெரியாமலே போய்விடும்.

கே: என் வழிகாட்டி ஆசிரியர் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பின்பெஞ்சிலிருந்து எழுந்து பேசுவார். அவமானமாக இருக்கும். அவருக்கு மனதார நன்றி சொல்வது எப்படி?
– அதே பயிற்சி ஆசிரியை, குண்டூர் நாடு

ப: நீங்கள் அனுப்பிய ஐந்தாம் பக்கத்தை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். அதில் விடை இருக்கிறது.

அன்றைக்கு ஒளிச்சேர்க்கை. ஓர் இலையில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மீதியைத் திறந்து வைத்தீர்கள். இலையைப் பறித்து, நீரில் கொதிக்க வைத்து, ஆல்கஹாலில் இட்டு அந்தக் குவளையை வெந்நீருக்குள் வைத்துப் பச்சையம் நீக்கி, அயோடின் விட்டீர்கள். மூடிய பாதி நிறம் மாறக்கூடாது. வெயில் பட்ட பாதி கருநீலமாக வேண்டும். உங்கள் இலையில் இரண்டு பாதியும் ஒரே மாதிரி வெளுத்துக் கிடந்தன. நீங்கள் சட்டென்று, "சரியாகச் செய்தால் இது கருநீலமாக வந்திருக்கும், எழுதிக்கொள்ளுங்கள்" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினீர்கள். அப்போதுதான் அவர் எழுந்தார். "ஏன் வரலைன்னு பிள்ளைகளைக் கேளுங்க டீச்சர்" என்றார். ஒரு பையன் சொன்னான்: "மூணு நாளா மூடுபனி டீச்சர், வெயிலே அடிக்கலையே."

போதிய வெளிச்சம் இல்லாவிட்டால் இலையில் மாவுப்பொருள் சேராது. சேராததை அயோடின் காட்டாது. சோதனை தோற்கவில்லை, சரியான விடையைத்தான் சொன்னது. ஆயிரம் மீட்டருக்கு மேலே மூடுபனிக்குள் வாழ்கிற பையனுக்கு அது தெரிந்திருந்தது. சமவெளிக் கல்லூரியில் செய்து பார்த்த உங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கேள்வியைத் திருப்பிவிட்டவர் அந்த ஆசிரியர். அவர் குறுக்கே பேசியதற்கு நன்றி சொல்ல வேண்டாம். அந்த ஒரு கேள்விக்குச் சொல்லுங்கள். மனதார வருகிறதா என்று பிறகு எனக்கு எழுதுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. "அன்று சார் எழுந்தபோது எனக்குக் கோபம் வந்தது" என்று மேடையில் தொடங்காதீர்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அடுத்த வாக்கியம் வருவதற்குள் ஆசிரியர் அறையே அவர் பக்கம் திரும்பியிருக்கும்.

கே: நன்றியுரையில் "அவர்களே" எத்தனை போடலாம்?
– பட்டதாரி ஆசிரியர், சேந்தமங்கலம்

ப: ஒன்று. குண்டூர் நாட்டு உரையில் பதினொன்று இருந்தன. "மாண்பமை தலைமையாசிரியர் அவர்களே, அன்பிற்கினிய உதவித் தலைமையாசிரியர் அவர்களே" என்று பட்டங்களோடு சொல்லி முடிக்க ஒரு நிமிடம். மூன்றில் ஒரு பங்கு போயிற்று, இன்னும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. பட்டியல் நீளமாக நீளமாக, விடுபட்டவர் யார் என்பது பளிச்சென்று தெரியும். பதினொரு பேரைச் சொல்லிப் பன்னிரண்டாவது ஆளை விட்டால் அவர் உங்களை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

தலைமையாசிரியரை ஒரு முறை விளித்து, "ஆசிரியர்கள், விடுதிப் பணியாளர்கள், பெற்றோர், பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்" என்று முடித்துவிடுங்கள். பெயர்கள் உள்ளே, அவரவர் செய்த செயலோடு வரட்டும். கூட்டத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரோ ஊர்க்கவுண்டரோ வந்திருந்தால் அவர்களையும் தொடக்கத்தில் தனியாக வணங்குங்கள். அவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்.

கே: ஒரு ஆசிரியர் எங்கள் வகுப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தன் பாடவேளைகளை எங்களிடம் தள்ளிவிட்டு, எமிஸ் பதிவையும் எங்களையே ஏற்றச் சொன்னார். இவருக்கும் நன்றியா?
– பெயர் வேண்டாம் (ஊரும் வேண்டாம்)

ப: "எமிஸ் இணையதளத்தின் நுணுக்கங்களை எங்களுக்குத் திறந்துவிட்டவர்" என்று சொல்லலாமா என நாக்கு அரிக்கும். சொல்லாதீர்கள். மேடைக் குத்தல் புரிகிறவர்களுக்குச் சங்கடம், புரியாதவர்களுக்குப் பாராட்டு. இரண்டுமே உங்கள் நோக்கம் இல்லை. அவரைப் பெயரிட்டுப் புகழவும் வேண்டாம். மற்றவர்களுக்கு உண்மையாகச் சொல்கிற நன்றியும் அந்தப் பொய்யால் மதிப்பு இழக்கும். "ஆசிரியர் அறையில் எங்களுக்கு இடம் கொடுத்த அனைவருக்கும்" என்ற ஒரு வரியில் அவரும் அடங்குவார். இடம் கொடுத்தார் என்பது உண்மைதானே.

குறையைச் சொல்ல வேறு இடம் இருக்கிறது. 2014-இல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகளின்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பு, பள்ளிப் பயிற்சி மொத்தம் இருபது வாரம், முதலாண்டில் நான்கு, இரண்டாம் ஆண்டில் பதினாறு. அவ்வளவு நீளமாக வைத்ததே வழிகாட்டியின் கண்ணெதிரில் நடத்தித் திருத்திக்கொள்ளத்தான், காலியான நாற்காலியை நிரப்ப அல்ல. எந்தப் பாடவேளை, எந்த நாள், யாரும் இல்லாமல் எடுத்தது என்று பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதி, மேற்பார்வைக்கு வருகிற உங்கள் கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கு உதவும்.

கே: உரையில் குறள் சேர்க்கலாமா?
– தமிழாசிரியை, ராசிபுரம்

ப: செய்ந்நன்றி அறிதல் பதினோராம் அதிகாரம். அதன் பத்துக் குறளில் எது வரும் என்பதை உங்கள் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைத் தட்டும்போதே ஊகித்துவிடுவார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் தினமும் குறள் சொல்கிறார்கள். அன்று நீங்கள் அவர்களுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

கே: குண்டூர் நாட்டு ஆசிரியையின் உரையில் சமையலர் பெயர் இருந்ததா?
– சத்துணவு அமைப்பாளர், எருமப்பட்டி

ப: கேட்டீர்களே ஒரு கேள்வி! இல்லை. "சமையல் அக்கா" என்றுதான் இருந்தது. திரும்ப எழுதிக் கேட்டேன். "அக்கான்னுதான் எல்லோரும் கூப்பிடுவோம், பெயர் தெரியாது" என்று பதில். நான்கு மாதம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறார். உரை எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான்: வெள்ளைத் தாளோடு பள்ளியை ஒரு சுற்று சுற்றுங்கள். சமையலறை, அலுவலகம், விடுதி, இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர். ஒவ்வொருவரின் முழுப் பெயரையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது காரணம் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. ஆசிரியர்களைப் பெயரோடும், இவர்களைக் கடைசியில் "மற்றும் அலுவலகப் பணியாளர்கள்" என்றும் சொல்லும் பழக்கம் மேடைகளில் ஊறிப்போனது. இவர்களை நடுவில் வையுங்கள். மலைப்பள்ளியில் பயிற்சி ஆசிரியர் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் பாதி வகுப்பறையில், பாதி சமையலறையில். கீழே காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வயிற்றோடு முதல் பாடவேளை எடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கே: "பின்தங்கிய மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி ஒளி ஏற்றும்" என்று தொடங்கலாம் என்கிறான் என் நண்பன்.
– பி.எட். மாணவர், நாமக்கல்

ப: அந்தப் பிள்ளைகள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார்கள், தமிழ் அவர்களுக்கும் தெரியும். மூடுபனிக்கும் மாவுப்பொருளுக்கும் முடிச்சுப் போட்டுக் காட்டிய பையனுக்கு உங்கள் நண்பர் எந்த ஒளியை ஏற்றப் போகிறார்? பெற்றோரும் வந்திருப்பார்கள். மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் வளர்த்து, சோளக்காட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்கள். "பின்தங்கிய" என்றதும் அடுத்து வரும் நன்றி காதில் ஏறாது.

இதே ரகத்தில் இன்னொரு வழுக்கல், பிள்ளைகளின் பேச்சை மேடையில் நடித்துக் காட்டுவது. அவர்கள் சிரிப்பார்கள். ரசித்துச் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கே: பிள்ளைகளிடம் "உங்களைப் பார்க்க அடிக்கடி வருவேன்" என்று சொல்லலாமா?
– பயிற்சி ஆசிரியர், குண்டூர் நாடு

ப: வருவீர்களா? அடுத்து பி.எட். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, அதன்பின் தகுதித் தேர்வு, வேலை தேடல். விடுதிப் பிள்ளைகள் பெற்றோரை விட்டு இருக்கிறவர்கள். வருகிறேன் என்று சொன்னவர்களுக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்கள். முடியாததைச் சொல்லாமல், முடிந்ததை ஒன்றே ஒன்று சொல்லுங்கள். "நான் செய்த படங்களையும் மாதிரிகளையும் செய்முறைத் தேர்வில் காட்ட வேண்டியிருக்கிறது, தேர்வு முடிந்ததும் இந்த வகுப்புக்கே அனுப்பிவிடுவேன்" என்பது நிறைவேற்றக்கூடிய வாக்கு. அதையும் நிறைவேற்ற ஒரு வழி சொல்கிறேன்: மேடையில் சொல்லிவிடுங்கள். நூறு பிள்ளைகள் சாட்சி.

கே: நன்றிக்கடனாகப் பள்ளிக்குச் சுவர்க்கடிகாரம் வாங்கலாம் என்று தலைக்கு இருநூறு ரூபாய் வசூலிக்கிறோம். சரிதானே?
– பயிற்சி ஆசிரியர்கள் ஐவர்

ப: ஆயிரம் ரூபாய். அந்தப் பள்ளியில் முந்தைய பயிற்சி ஆசிரியர்கள் கொடுத்த கடிகாரங்களை எண்ணிவிட்டீர்களா? எத்தனை ஓடுகின்றன என்றும் பார்த்துவிடுங்கள். தனிப்பட்ட ஆசிரியர்களுக்குப் பரிசு வேண்டாம். அரசுப் பணியாளர் நடத்தை விதிகளில் பரிசு வாங்குவதற்கென்றே கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் மதிப்பெண்ணில் கை வைக்கிறவருக்கு நீங்கள் பரிசு கொடுப்பது யாருக்கும் நன்றாகப் படாது. பள்ளிக்கு என்றால், தலைமையாசிரியரிடம் என்ன குறைகிறது என்று கேட்டு வாங்குங்கள். அறிவியல் அறைக்குச் சோதனைக் குழாயும் அயோடினும் வாங்கினால் கடிகாரத்தைவிட மலிவு. பிள்ளைகள் உங்களுக்காகக் காசு சேர்ப்பதாகக் காதில் விழுந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

கே: ஐந்து பேரும் நன்றியுரை பேசலாமா?
– அதே ஐவர்

ப: ஐந்து பேரும் ஒரே தலைமையாசிரியருக்கு ஒரே நன்றியை ஐந்து முறை சொல்வீர்கள். ஒருவர் பேசட்டும். மற்ற நால்வரும் முதல் நாளே தலைக்கு ஒரு சம்பவம் எழுதி அவரிடம் கொடுங்கள். அவர் "எங்களில் ஒருவருக்கு" என்று சேர்த்துக்கொள்வார்.

கே: அழுகை வந்துவிட்டால்?
– பயிற்சி ஆசிரியை, குண்டூர் நாடு

ப: நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், தாளைப் பார்த்து விட்ட வரியிலிருந்து தொடருங்கள். அதற்காகத்தான் தாள். பார்க்காமல் பேசுகிறவர்கள் அழுதால் திரும்பப் பிடிக்க நூல் கிடைக்காது. அழுகை எந்த வரியில் வரும் என்று உங்களுக்கு இப்போதே தெரியும். அந்த வரியைக் கடைசியில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு வரி இருக்கட்டும்.

கே: வருகைச் சான்றில் தலைமையாசிரியர் கையெழுத்து இன்னும் வாங்கவில்லை. கூட்டம் முடிந்து வாங்கிக்கொள்ளலாமா?
– பி.எட். மாணவி, பரமத்தி வேலூர்

ப: முன்னாலேயே வாங்குங்கள். வருகைச் சான்று, பாடக்குறிப்பேடுகள், வழிகாட்டியின் மதிப்பீட்டுத் தாள், எல்லாவற்றிலும் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் விழுந்தபிறகு மேடை ஏறுங்கள். கையெழுத்து பாக்கி இருக்கும்போது சொல்லும் நன்றியைக் கேட்பவர்கள் வேறு கணக்கில் வரவு வைப்பார்கள். இன்னொரு காரணம் உலகியல்: வெள்ளிக்கிழமை மாலை முத்திரை வைத்திருக்கும் பீரோவின் சாவி, பேருந்தில் ஏறிவிடும்.

கே: வம்பளந்தது போதும். திருத்திய உரையைக் காட்டுங்கள்.
– பலர்

ப: குண்டூர் நாட்டு ஆசிரியையின் சம்பவங்கள்தான், அவர் சொற்கள்தான். வெட்டியதும் அடுக்கியதும் மட்டும் நான். பெயர்களை இங்கே எடுத்துவிட்டேன். மேடையில் அவர் சொல்வார்.

"தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியர்கள், விடுதிப் பணியாளர்கள், பெற்றோர், பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

பயிற்சி ஆசிரியர் ஐந்து பேர் சார்பில் பேசுகிறேன். தலைமையாசிரியர் முதல் நாளே எங்களுக்குப் பாட அட்டவணையைக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார்: 'முதல் வாரம் நடத்த வேண்டாம், பின்னால உக்காந்து பாருங்க.' அந்த வாரம்தான் எந்தப் பிள்ளை எந்தப் பெஞ்சு, யாருக்குக் கண் சரியாகத் தெரியாது, யார் காப்பி பறிப்புக்குப் போய்விட்டு வந்து பாடம் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டோம். நேராக நடத்தப் போயிருந்தால் கரும்பலகையை மட்டும்தான் பார்த்திருப்போம். நன்றி சார்.

என் வழிகாட்டி ஆசிரியர். ஒளிச்சேர்க்கைச் சோதனையில் இலை நிறம் மாறாத அன்று, விடையை நானே சொல்லி முடிக்கப் பார்த்தேன். 'ஏன் வரலைன்னு பிள்ளைகளைக் கேளுங்க' என்றீர்கள். அவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து என் பாடக்குறிப்பில், 'வராவிட்டால் என்ன கேட்பது' என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கட்டம் நீங்கள் கொடுத்தது.

சமையலர் அக்கா. உங்கள் முழுப் பெயரைக் கேட்கவே எனக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. பேருந்து தாமதமாக வந்த நாட்களில் தட்டை மூடி வைத்து, 'சாப்பிட்டுட்டுப் போ, பிள்ளைங்க எங்கயும் ஓடிற மாட்டாங்க' என்பீர்கள். உங்கள் சாப்பாட்டில்தான் இரண்டாம் பாடவேளை எடுத்தேன்.

இரவுக் காவலர் அண்ணன். மின்சாரம் போன இரவில் நாங்கள் தங்கியிருந்த அறை வரைக்கும் டார்ச்சோடு வந்தீர்கள். 'கரடி வருமா அண்ணா' என்று கேட்டதற்கு 'வந்தா உங்க பாடத்தக் கேட்டுட்டுப் போயிடும்' என்றீர்கள். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அலுவலக அறையில் ஒவ்வொரு தாளையும் பொறுமையாகத் தேடிக் கொடுத்தவருக்கும், ஆசிரியர் அறையில் எங்களுக்கு இடம் கொடுத்த அனைவருக்கும் நன்றி.

ஒன்பதாம் வகுப்பு! 'மூணு நாளா மூடுபனி டீச்சர், வெயிலே அடிக்கலையே' என்று சொன்ன குரலுக்குத் தனி நன்றி. என்னுடைய படங்களைச் செய்முறைத் தேர்வு முடிந்ததும் உங்கள் வகுப்புக்கு அனுப்பிவிடுவேன். அயோடினும் சோதனைக் குழாயும் அறிவியல் அறையில் இருக்கின்றன. வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கருநீலம் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

வணக்கம்."

நிதானமாகப் படித்தால் மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். காவலர் வரியில் சிரிப்பதற்குச் சில நொடி தனியாக ஒதுக்கியிருக்கிறேன்.

கே: தலைமையாசிரியர் சொன்னதும் சமையலர் சொன்னதும் பேச்சுத்தமிழில் வருகின்றனவே? மேடைக்கு ஏற்றதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மோகனூர்

ப: ஐயா, சொன்னவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். "உணவருந்திவிட்டுச் செல்வாயாக" என்று மாற்றினால் அந்த அக்காவே யார் சொன்னது என்று திரும்பிப் பார்ப்பார்.

கே: ஒலிபெருக்கி நின்றுவிட்டால்?
– பயிற்சி ஆசிரியர், அரியூர் நாடு

ப: மலையில் காற்று அடித்தால் மின்சாரம் போகும். கத்தாதீர்கள், இரண்டடி முன்னால் வாருங்கள். மேலே உள்ள உரையில் வாக்கியங்கள் குட்டையாக இருப்பதற்கு அதுவும் காரணம். நீண்ட வாக்கியத்தை ஒலிபெருக்கி இல்லாமல் சொன்னால் வினைமுற்று வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். கடைசி வரிசைக்கு, யாருக்கோ என்னவோ செய்தார்கள் என்ற அளவில்தான் போய்ச் சேரும்.

கே: நான் ஒரு தலைமையாசிரியர். ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் பதிலுரை சொல்கிறேன். எனக்கும் ஏதாவது சொல்லுங்கள்.
– தலைமையாசிரியர், கொல்லிமலை ஒன்றியம்

ப: "எதிர்கால ஆசிரியச் செல்வங்களே" என்பதைத் தவிர்த்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பி ஓர் அறிவிப்பு கொடுங்கள். பயிற்சி ஆசிரியர்கள் எடுத்த பாடவேளைகளைத் திங்கட்கிழமை முதல் யார் எடுப்பார்கள், எந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்திலிருந்து தொடரும் என்று. பதினாறு வாரம் ஒருவரிடம் படித்த ஒன்பதாம் வகுப்புக்கு, அன்று மாலை அதுதான் தெரிய வேண்டும். அந்தப் பக்க எண்ணைப் பயிற்சி ஆசிரியையிடம் வியாழக்கிழமையே எழுதி வாங்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை அவர் அழுதுகொண்டிருப்பார்.